எட்டு மாணவர்கள், நான்கு வேட்டி, ஒரு செல்போன்: வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தைப் படமாக்குவது எப்படி?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரையை எட்டு நிமிடப் படமாக எடுக்க ஆசை. கையில் ஆறாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. எட்டு மாணவர்கள், நான்கு வேட்டி, ஒரு செல்போன், நெட்டில் கிடைத்த சில பழைய போட்டோக்கள். மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிடாமல் எப்படி எடுப்பது?

பதில்: முதலில் ராஜாஜி வேடத்தை விட்டுவிடுங்கள். மாணவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி நிறுத்திய மறுநொடியே பார்ப்பவர் ஒப்பிடத் தொடங்கிவிடுவார், கதை அங்கேயே நின்றுவிடும். ராஜாஜியின் முகம் பழைய போட்டோவில் மட்டும் வரட்டும். திருச்சி, ஏப்ரல் 13, சுமார் நூறு தொண்டர்கள், 150 மைல் என்ற விவரங்களைக் குரல் சொல்லட்டும். உங்கள் மாணவர்கள் கைகளாகவும் கால்களாகவும் முதுகுகளாகவும் வந்தால் போதும்.

அடுத்தது, முழு யாத்திரையையும் நடித்துக் காட்ட முயலாதீர்கள். எட்டுப் பேரை வைத்துக் காட்டுவதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு பகுதி அதில் இருக்கிறது. தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதச் சிறை, அபராதம் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் துண்டறிக்கை போட்டும் தமுக்கு அடித்தும் எச்சரித்தார். மக்கள் நேரில் கொடுக்காமல், வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் உணவுப் பாத்திரங்களை மண்ணில் புதைத்தும் வைத்தார்கள். இதைக் காட்டப் போலீஸும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். ஒரு புளியமரம், நாலு பொட்டலம், ஒரு கை போதும். எட்டு நிமிடத்தில் மூன்று நிமிடத்தை இதற்கே கொடுப்பேன்.

பொட்டலத்தை வாழையிலையில் கட்டி வாழைநாரால் முடியுங்கள். உள்ளே உண்மையிலேயே புளிச்சோறு இருக்க வேண்டும், வெறும் இலையைச் சுருட்டிக் கட்டினால் கிளை வளையாது. நைலான் கயிறோ இன்றைய செய்தித்தாளோ எட்டிப் பார்த்தால் 1930 கலைந்துவிடும். கேமராவைக் கிளைக்குக் கீழிருந்து மேல்நோக்கி வையுங்கள். பின்னால் வானமும் இலையும் மட்டும் தெரியும், கரண்ட் கம்பியும் செல்போன் கோபுரமும் தெரியாது.

இந்தக் காட்சிக்கு, ‘மக்கள் மரத்தில் சோற்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள்’ என்று எழுதினால் படத்தில் தெரிவதையே குரலும் சொன்னதாகிவிடும். ‘சோறு போட்டால் ஆறு மாதம் ஜெயில் என்று கலெக்டர் தமுக்கு அடித்துச் சொல்லியிருந்தார்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மூன்று விநாடி மௌனம். அப்புறம் ஒரு கை வந்து முடிச்சை அவிழ்க்கட்டும். யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்பதைப் பார்ப்பவரே சேர்த்துக்கொள்வார்.

குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப ஷாட்களை எடுங்கள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு தமிழ்ச் சொற்கள் வரும். எட்டு நிமிடத்துக்கு நானூற்றைம்பது சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். மீதி நேரம் காலடி ஓசைக்கும் மௌனத்துக்கும். பீரோவும் துணிமணியும் நிறைந்த சின்ன அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசுங்கள். எதிரொலி இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை கை தட்டுங்கள். ‘ணங்’ என்று திரும்பி வந்தால் இன்னும் இரண்டு போர்வை தொங்கவிட வேண்டும்.

எட்டுப் பேரை நூறு பேராக்க முழங்காலுக்குக் கீழே மட்டும் எடுங்கள். போனைத் தரையோடு தரையாக வைத்து, மண் பாதையில் காலை ஏழு மணி வெயிலில், பிள்ளைகள் கேமராவைக் கடந்துபோய் பின்பக்கமாகச் சுற்றி வந்து மறுபடி கடக்கட்டும். நிழல்கள் நீளமாக விழுவதால் ஒருவர் இருவராகத் தெரிவார். வரிசையை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையென்றால் காலில் தழும்போ கறுப்புக் கயிறோ உள்ள அதே பையன் நான்கு முறை வருவது தெரிந்துவிடும். நடக்கும் சத்தத்தைத் தனியாக மூன்று முறை பதிவு செய்து, ஒவ்வொன்றையும் அரை விநாடி தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கூட்டம் இருப்பதாகக் காதுதான் முதலில் நம்பும்.

புது வேட்டி போன் கேமராவில் நீலமாகப் பளிச்சிடும், கதர் மாதிரியே இருக்காது. நீலம் போடாமல் இரண்டு முறை துவைத்து, ஐந்து லிட்டர் வெந்நீரில் ஒரு கைப்பிடி டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, அதில் கால் மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். பழுப்பு அதிகமானால் அழுக்கு வேட்டியாகத் தெரியும், அதனால் ஒரு துண்டுத் துணியில் சோதித்துப் பாருங்கள். ஜரிகைக் கரை உள்ளே மடிந்திருக்கட்டும். நான்கு வேட்டியையே மாற்றி மாற்றிக் கட்டலாம், காலை மட்டும் எடுப்பதால் யாருக்கும் தெரியாது. சேர்க்கும் துணி எதுவானாலும் போட்டோவில் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும்.

முடிவுக் காட்சி ஏப்ரல் 30, வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி. உப்பளத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மண் கலந்த உப்பை ஒரு கை அள்ளி மூடுவதை மிக அருகில் எடுங்கள். போலீஸ் உடை வாங்க வேண்டாம். பிரேமின் ஓரத்தில் காக்கிக் கைமடிப்பும் மூங்கில் தடியின் நுனியும் வந்தால் போதும். ராஜாஜி அங்கே கைதானதைக் குரல் சொல்லட்டும்.

இனி போட்டோ. தண்டி யாத்திரைப் படங்களை வேதாரண்யம் என்று போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. காந்தி வேதாரண்யத்தில் நடக்கவில்லை. அவர் தண்டியில் உப்பெடுத்தது ஏப்ரல் 6, இங்கே யாத்திரை கிளம்பியதே அதற்கு ஒரு வாரம் கழித்து. கையில் கோலோடு காந்தி முன்னால் நடக்கும் படத்தை வைத்தால், அதைத் தண்டி என்று எழுதியே வையுங்கள். சினிமாவிலிருந்து வெட்டிய படங்களும் அசல் போலச் சுற்றுகின்றன. எந்த நூலில் அல்லது காப்பகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத படத்தை எடுக்காதீர்கள்.

நெட்டில் கிடைப்பது பெரும்பாலும் எண்ணூறு பிக்சல் அகலம்தான் இருக்கும். அதைத் திரை முழுக்க நிரப்பினால் முகங்கள் கட்டம் கட்டமாகிவிடும். கறுப்புப் பின்னணியில் சிறிதாகவே வையுங்கள், அல்லது அஞ்சலட்டை அளவில் பிரின்ட் போட்டு மேசையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் போனால் எடுங்கள். அசல் பிரதி கிடைத்தால் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஆறுக்கு நாலு அங்குலப் படம் 3600 பிக்சல் அகலம் வரும், முழு ஹெச்டி வீடியோவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நெருங்கிக் காட்டலாம். கேமரா நகர்வு மெதுவாக இருக்கட்டும். ஏழெட்டு விநாடியில் ஒரு முகத்திலிருந்து முழுக் கூட்டத்துக்கு விரிந்தால் போதும். மொத்தம் ஆறு படங்கள் தாராளம்.

நீங்கள் எடுத்த காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கீறல் போடும் ஆசை கட்டாயம் வரும். தயவுசெய்து வேண்டாம். எது சான்று, எது நடிப்பு என்று மாணவர்களுக்கே தெரியாமல் போய்விடும். உங்கள் காட்சி கொஞ்சம் நிறம் குறைத்த வண்ணத்தில், மூலையில் ‘மீட்டுருவாக்கம்’ என்ற எழுத்தோடு இருக்கட்டும். அசல் மட்டும் கறுப்பு வெள்ளை.

பாட்டு வேண்டுமென்றால், இந்த யாத்திரைக்காகவே நாமக்கல் கவிஞர் எழுதிய ‘கத்தியின்றி ரத்தமின்றி’ இருக்கிறது. ஏற்கெனவே வெளியான ஒலிப்பதிவை எடுத்தால் அதன் உரிமைக்காரர் கேள்வி கேட்பார். வாத்தியம் இல்லாமல், நடந்துகொண்டே பிள்ளைகள் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். மூச்சு வாங்குவதும் சேர்ந்து கேட்கட்டும்.

2012-இல் திருத்தப்படும் வரை இந்தியச் சட்டப்படி போட்டோவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் காப்புரிமை, 1930-இல் வெளியானவற்றுக்கு அது அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் அந்தத் தடை இல்லை. ஆனால் படத்தை வைத்திருக்கும் காப்பகம் தனி நிபந்தனை விதிக்கலாம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம் இரண்டிலும் பள்ளிக் கடிதத்தோடு விசாரியுங்கள். கிடைக்கும் படத்தின் இருப்பிடத்தையும் ஆண்டையும் அன்றே நோட்டில் எழுதிக்கொண்டால், கடைசி எழுத்துத் திரைக்கு அதையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.