போலி முதலீட்டுத் திட்டம்: மாஜிஸ்திரேட்டிடம் புகார் மனு – கேள்வி பதில்

செல்வி: அப்பா ரிட்டயர் ஆகி வந்த 8 லட்சத்தை 2024 செப்டம்பரில் மாதம் 3% தருவோம்னு சொன்னவங்ககிட்ட போட்டார். நாலு மாசம் வந்துச்சு, அப்புறம் ஆபீஸே இல்லை. ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். போடாம, புகார் வாங்கினதுக்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திட்டாங்க. நேரா கோர்ட்டுக்குப் போகலாமா?

நேராகப் போனால் மனு நிற்காது. புகாரின் நகலை எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதற்கும் எஃப்.ஐ.ஆர். வராவிட்டால், போலீஸை விசாரிக்க உத்தரவிடக் கேட்டு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். கூடவே அப்பாவின் பிரமாணப் பத்திரம் வேண்டும். சி.எஸ்.ஆர்., தபால் ரசீது இரண்டையும் இணையுங்கள்.

மனு தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "பணத்தைத் திருப்பித் தரவில்லை" என்று மட்டும் எழுதினால், இது சிவில் விவகாரம் என்று போலீஸ் அறிக்கை தந்துவிடும். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிய வேண்டும். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார், அதை நம்பி அப்பா எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு அனுப்பினார் என்று வரிசையாக எழுதுங்கள். அவர்கள் காட்டிய செபி பதிவு எண் போலி என்றாலோ, கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டுத் தனிநபர் கணக்கில் பணம் வாங்கினார்கள் என்றாலோ அதற்குத் தனிப் பத்தி கொடுங்கள். நாலு மாதம் வந்த வட்டியை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அதைத்தான்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

முருகன்: நண்பருக்குக் கைமாத்தா கொடுத்த 2 லட்சத்துக்கும் இதே மனு போடலாமா?

அது பெரும்பாலும் சிவில் வழக்கு. கெடு 3 வருடம், வக்கீலைப் பாருங்கள்.

ரவி: அதே சட்டத்தின் 223-ல், போலீஸ் இல்லாமல் மாஜிஸ்திரேட்டிடமே தனிப்புகார் போடுவதே மேல். பிரமாணப் பத்திரமும் வேண்டாம்.

பத்திரம் வேண்டாம் என்பது சரி, மாஜிஸ்திரேட் சத்தியப்பிரமாண வாக்குமூலம் எடுப்பார். ஆனால் ஆதாரம் திரட்டும் சுமை அப்பா தலையில் விழும். பணம் எந்தெந்தக் கணக்குக்குத் தாவியது என்று அவரால் வங்கியில் கேட்டு வாங்க முடியாது, போலீஸால் முடியும். புதிய சட்டத்தில், வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பையும் கேட்டாக வேண்டும். பணத்தை மாற்றிவிட அவர்களுக்கு அந்த அவகாசமே போதும்.

ரவி: எஃப்.ஐ.ஆரே போட மறுத்த ஸ்டேஷன், கோர்ட் உத்தரவு போட்டால் மட்டும் ஒழுங்கா விசாரிக்குமா?

நியாயமான கேள்வி. உத்தரவு எஃப்.ஐ.ஆரைக் கொண்டுவரும், அக்கறையைக் கொண்டுவராது. இருந்தும் கணக்கு விவரம் தேவைப்படும் வழக்கில் நான் 175(3)-ஐத்தான் சொல்வேன்.

கண்ணன்: எஸ்.பி.க்கு அனுப்பாமல் மனு போட்டால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மீனா: எங்க தெருவிலேயே நிறைய பேர் ஏமாந்திருக்கோம், சேர்ந்து போடலாமா?

பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். முதலீட்டாளர்களைப் பாதுகாக்கும் 1997-ம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டமான டி.என்.பி.ஐ.டி.யில் மோசடிக்காரர்களின் சொத்தை முடக்கித் தனி நீதிமன்றம் வழியாகப் பணம் பிரித்துத் தர வழி உண்டு. அவரவர் ரசீதைத் தனித்தனியாகக் கொடுங்கள். உங்களுக்கும் சொல்கிறேன்: வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள்.