மலைக்குளிரில் 64 டிகிரி காட்டும் கணினியை நம்பலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். பழைய கேமிங் கணினி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது (ரைசன் 5 3600, ஆர்டிஎக்ஸ் 3060). விற்பவர் காலையில் 15 நிமிடம் FurMark என்ற கிராஃபிக்ஸ் கார்டு சோதனை மென்பொருளை ஓட்டிக் காட்டினார். 64 டிகிரிக்கு மேல் போகவில்லை. நான் மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து விளையாடுபவன். ஜூனில் படிப்புக்காகக் கோவைக்கும் எடுத்துப் போவேன். இதை நம்பி வாங்கலாமா?

பதில்:

அந்தச் சோதனையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கணினி நன்றாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்ததிலிருந்து அதைச் சொல்ல முடியாது. குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால், நம் ஊர்க் குளிரை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 64 டிகிரியைப் பார்ப்போம். கார்டின் வெப்பநிலையைத் தனியாகப் பார்த்தால் பொருளில்லை. அறையின் வெப்பநிலையைவிட அது எத்தனை டிகிரி ஏறியது என்பதுதான் கணக்கு. ஜனவரிக் காலையில் அந்த அறை 14 டிகிரியில் இருந்திருந்தால் ஏற்றம் 50 டிகிரி. அதே கார்டு, அதே வேலை, கோவையில் 34 டிகிரி அறை என்றால் 84 டிகிரிக்கு வந்து நிற்கும். இந்த வகைக் கார்டுகள் பொதுவாக 83 டிகிரியை ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. மின்விசிறி வேகம் கூடும் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே வெப்பநிலையோடு விசிறி எத்தனை சதவீதத்தில் சுற்றியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 64 டிகிரியில் விசிறி 45 சதவீதத்தில் சுற்றினால் கார்டிடம் இன்னும் கைவசம் இருக்கிறது. 90 சதவீதத்தில் சுற்றித்தான் 64-இல் நிற்கிறது என்றால் மலையிறங்கியதும் திணறும். மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஊட்டியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கோத்தகிரியில் அடர்த்தி ஊட்டியைவிடச் சற்று அதிகம் இருக்கும். மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச் செல்லும் என்பதால், கோவையில் ஏற்றம் ஓரிரு டிகிரி குறையவும் கூடும். ஆனால் இருபது டிகிரி வெயிலுக்கு அது ஈடாகாது.

அடுத்தது நேரம். கார்டின் சிப் பத்து நிமிடத்தில் நிலைக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று, மதர்போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் பாகங்கள், ரேம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை சூடேறி நிலைபெற அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலும் FurMark ஓடும்போது பிராசஸர் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. விளையாட்டில் இரண்டும் சேர்ந்து வெப்பத்தைக் கக்கும்.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, பலரும் கவனிக்காதது, வேகம் பற்றிய விஷயம். FurMark கார்டை இடைவிடாமல் ஒரே சீரான, மிகக் கனமான சுமையில் வைக்கிறது. கார்டு தன் மின் வரம்பை (ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட்) முட்டிக்கொண்டு, அதற்குள் அடங்குவதற்காகத் தன் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விளையாட்டில் சுமை ஏறி இறங்கும். இலேசான காட்சி வரும்போது மின்சாரம் மிச்சமிருப்பதால் கார்டு தன் உச்ச வேகத்துக்குத் தாவும். நிலையில்லாத கார்டு பெரும்பாலும் விழுவது அந்த உச்சத்தில்தான், FurMark ஒருபோதும் தொடாத இடத்தில்.

சென்ற குளிர்காலத்தில் என்னிடம் வந்த ஒரு கணினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீங்கள் சொல்லும் அதே பிராசஸர், அதே கார்டு. பழையதாக வாங்கியவர், முக்கால் மணி நேரம் ஆடினால் விளையாட்டு மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது என்றார். FurMark-இல் ஒரு மணி நேரம் ஓட்டினேன். அறை 14, கார்டு 65, விசிறி 52 சதவீதம், வேகம் 1,480 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அசையாமல் இருந்தது. சிப்பின் மிகச் சூடான புள்ளியைக் காட்டும் `GPU Hot Spot Temperature` 79. இரண்டுக்கும் இடையே 14 டிகிரி இடைவெளி என்பது நல்ல அறிகுறி. (அந்த இடைவெளி 25-ஐத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஹீட்சிங்க் சரியாகப் பதியவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.) வெப்பத்தில் குறையில்லை. பிறகு அவரையே ஆடச் சொல்லி, வெப்பத்தையும் வேகத்தையும் குறித்துவைக்கும் HWiNFO மென்பொருளில் பதிவு எடுத்தேன். சண்டைக் காட்சிகளில் 1,900-ஐ ஒட்டி இருந்த வேகம், அவர் வரைபடத் திரையைத் திறந்ததும் 2,070-க்குத் தாவியது. அடுத்த சில நொடிகளில் விளையாட்டு மூடிக்கொண்டது. கார்டின் வேகத்தை மாற்றப் பயன்படும் MSI Afterburner-ஐத் திறந்து பார்த்தால், முந்தைய உரிமையாளர் கோர் வேகத்தை 150 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, விண்டோஸ் தொடங்கும்போதே அது அமலாகும்படி வைத்திருந்தார். அதை நீக்கியபின் அதே வரைபடத் திரையில் 1,920-ஐத் தாண்டவில்லை. விளையாட்டும் அதன்பின் நிற்கவில்லை. அந்த மாற்றத்தை நீக்கிய பிறகும் அது விழுந்திருந்தால், கார்டே தளர்ந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஆகவே விற்பவரிடம் மதியத்தில் இரண்டரை மணி நேரம் கேட்டுப் போங்கள். முதலில் பயாஸில் எல்லாவற்றையும் இயல்புநிலைக்கு மாற்றி, ரேமை அதற்குச் சொல்லப்பட்ட முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி.யை மட்டும் இயக்குங்கள். பயாஸில் செய்த மாற்றங்கள் விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் போகாது. கேபினெட்டின் பக்கக் கதவு மூடியிருக்கட்டும். திறந்துவைத்துக் காட்டினால் அந்த அளவீடு எதற்கும் உதவாது. ஜன்னலைச் சாத்தி, ஹீட்டர் இருந்தால் போட்டு அறையை 24, 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் ஹீட்டரைக் கணினியுள்ள அதே லைனில் செருகாதீர்கள். இரண்டாயிரம் வாட் ஹீட்டர் வோல்டேஜை இறக்கிவிட்டால், நீங்கள் சோதிப்பது கணினியையா வீட்டு வயரிங்கையா என்று தெரியாமல் போகும். சிறிய வெப்பமானி ஒன்றைக் காற்று உள்ளே போகும் முன்பக்கத்தில் வையுங்கள்.

HWiNFO-வில் பதிவைத் தொடங்கிவிட்டு, OCCT என்ற சோதனை மென்பொருளில் `Power` சோதனையை அரைமணி நேரம் ஓட்டுங்கள். பிராசஸரும் கார்டும் ஒன்றாக உச்சத்துக்குப் போகும், எஸ்.எம்.பி.எஸ். நோஞ்சானாக இருந்தால் இங்கேயே அணைந்துவிடும். இது எந்த விளையாட்டையும்விடக் கடுமையானது. பிராசஸரோடு வந்த சிறிய கூலரே இருந்தால் பிராசஸர் 90 டிகிரியைத் தொடக்கூடும், அதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 3600-க்கு உற்பத்தியாளர் சொல்லும் வரம்பு 95. சூடு ஆறுவதற்குள், இடைவெளி விடாமல், `3D Adaptive` சோதனையை `Switch` முறையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சுமையை மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டே இருக்கும் இந்தச் சோதனை, கார்டு வரையும் படத்தில் பிழை வந்தால் அதையும் எண்ணிக் காட்டும். ஒரு பிழைகூட வரக்கூடாது. பதிவில் `GPU Clock` உண்மையிலேயே உச்சத்துக்குப் போய்வந்ததா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அந்தத் தேர்ச்சிக்கு மதிப்பில்லை. மிச்ச நேரத்தில் நீங்கள் ஆடும் விளையாட்டையே, ஃபிரேம் வரம்பை எடுத்துவிட்டு ஆடுங்கள். மெனு, வரைபடம், காட்சி மாற்றம் என்று அடிக்கடி போய்வாருங்கள்.

முடிந்ததும் பவர்ஷெல்லில் இதை இடுங்கள்:

```powershell
Get-WinEvent -FilterHashtable @{LogName='System'; Id=18,19,41,153,4101; StartTime=(Get-Date).AddHours(-4)}
```

எதுவும் கிடைக்கவில்லை என்று சிவப்பில் வந்தால் நல்லது. வரிகள் வந்தால், ஒவ்வொன்றும் எந்த மூலத்தின்கீழ் இருக்கிறது என்று பாருங்கள்; விண்டோஸ் அப்டேட் நிறுவியதற்குக்கூட 19 என்ற எண் வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். `WHEA-Logger`-இன்கீழ் 19 வந்தால் வன்பொருள் ஒரு பிழையைத் தானே திருத்திக்கொண்டது என்று பொருள். திரையில் எதுவும் தெரிந்திருக்காது, ஆனால் நீண்ட ஆட்டத்தில் அது என்றாவது 18 ஆக, அதாவது திருத்த முடியாத பிழையாக மாறக்கூடும். 4101-ம், `nvlddmkm` என்ற பெயரின்கீழ் வரும் 153-ம் கார்டின் டிரைவர் இடறியதைக் காட்டும். 41 மட்டும் தனியாக வந்தால் கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. நம் மலையில், குறிப்பாக ஆடிக் காற்றில் மரம் விழுந்து லைன் துடிக்கும் நாட்களில், நல்ல கணினியும் இப்படி ரீஸ்டார்ட் ஆகும். யு.பி.எஸ். வைத்துச் சோதியுங்கள், இல்லையென்றால், கணினி அணைந்த அதே நொடியில் விளக்கும் மினுங்கியதா என்றாவது கவனியுங்கள்.

ரேமுக்கு MemTest86-ஐப் பென்டிரைவிலிருந்து ஓட்ட வேண்டும். 16 ஜிபிக்கு நான்கு சுற்றும் முடியப் பல மணி நேரம் ஆகும் என்பதால் விற்பவர் வீட்டில் அமர்ந்து செய்ய இயலாது. ஓர் இரவு ஓட்டிப் பார்த்துவிட்டு மீதித் தொகையைத் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்.எம்.பி.யை அணைத்து மீண்டும் ஓட்டுங்கள். அப்போது வராவிட்டால் ரேம் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லலாம். அப்போதும் வந்தால் ரேமை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இத்தனையும் தேறினால், 25 டிகிரி அறையில் கார்டு 75-க்குள்ளும் விசிறி 70 சதவீதத்துக்குள்ளும் நின்றிருந்தால், கோவைக்கும் தாங்கும் என்று வாங்குவேன். வெப்பம் மட்டும் அதற்குமேல் போய், பிழை எதுவும் வரவில்லை என்றால், பேஸ்ட் மாற்றும் செலவையும் கேபினெட்டுக்கு ஒரு விசிறிச் செலவையும் கழித்துப் பேசுங்கள். அது தீரக்கூடிய குறை. `3D Adaptive`-இல் பிழை வந்தால், Afterburner அமைப்பை நீக்கி ஒருமுறை மறுபடி ஓட்டுங்கள், பிறகும் வந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். HWiNFO பதிவுக் கோப்பை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். ஜூனில் கோவை போனதும் இதே சோதனையை ஓட்டி இரண்டு ஏற்றங்களையும் ஒப்பிட்டால், வெயிலால் வந்தது எவ்வளவு, தூசியாலோ பேஸ்ட்டாலோ வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.