மாதிரி வகுப்பில் முதல் ஒரு நிமிடம்

ஆசிரியர் வேலைக்கான நேர்காணலில் நடத்தவிருக்கும் மாதிரி வகுப்புக்காக நீங்கள் பேசிப் பார்த்து அனுப்பிய ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்டேன். ஆறாம் வகுப்புக் கணக்கில் பின்னங்களின் கூட்டலை நடத்திக் காட்ட உங்களுக்குத் தரப்பட்டிருப்பது 10 நிமிடம்; அதில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வதற்கே 1 நிமிடம் 40 வினாடி போய்விடுகிறது. பெயர், பெற்றோர், படித்த கல்லூரி, பி.எட். மதிப்பெண், பொழுதுபோக்கு, வாய்ப்பளித்தமைக்கு நன்றி என எல்லாம் வருகின்றன. பின்னம் என்ற சொல் மட்டும் வரவில்லை.

நேர்காணல் அறையில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை நீங்கள் வகுப்பறையில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் படிப்பும் மதிப்பெண்ணும் தேர்வுக் குழுவினர் கையிலுள்ள விண்ணப்பத்திலேயே இருக்கின்றன. முன்பின் அறியாத பிள்ளைகளிடம் நீங்கள் எப்படிப் பேச்சைத் தொடங்குகிறீர்கள், எவ்வளவு விரைவில் அவர்களைப் பாடத்துக்குள் கொண்டுவருகிறீர்கள் என்பதைத்தான் குழுவினர் பார்க்க வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லாமல் குழுவினரே மாணவர்களாக அமர்ந்திருந்தாலும், அவர்களை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாகவே எண்ணிப் பேச வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா" என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் "பிள்ளைகளே" என்று மாறினால், யாரிடம் பேசுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெளிவாக இல்லை என்று தோன்றிவிடும்.

ஆகவே அறிமுகத்தில் மூன்று செய்திகள் போதும்: உங்களை எப்படி அழைப்பது, இன்று என்ன பாடம், அந்தப் பாடத்துக்குள் இழுக்கும் ஒரு கேள்வி. உங்கள் பாடத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்.

"வணக்கம் பிள்ளைகளே. என் பெயர் இதுதான்." இந்த இடத்தில் பெயரைச் சொல்லிக்கொண்டே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டு, முழுவதுமாகத் திரும்பி நின்று தொடருங்கள். "இன்று நாம் கணக்குப் பாடத்தில் பின்னங்களைக் கூட்டப் போகிறோம். என் கையில் ஒரே அளவுள்ள இரண்டு காகிதப் பட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் பாதியையும் மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கையும் வெட்டி ஒட்டினால், ஒரு முழுப் பட்டை கிடைக்குமா, குறையுமா, கூடுமா? கணக்குப் போடாமல், பார்த்துச் சொல்லுங்கள்."

இதை நிதானமாகப் பேசி, பெயரை எழுதும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் கேள்வியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கணக்கில் பிள்ளைகள் மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டி 2/5 என்று எழுதிவிடுவது வழக்கம். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைவாக எப்படி வரும் என்று பின்னால் நீங்கள் கேட்பதற்கும், சரியான விடையான 5/6 முழுப் பட்டைக்குச் சற்றுக் குறைவு என்பதைக் காட்டுவதற்கும் இந்தப் பட்டைகளே உதவும். பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பதை அறிந்து வந்திருக்கிறீர்கள் என்பது, அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமலே குழுவினருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி கேட்டபின் மூன்று, நான்கு வினாடி காத்திருங்கள். பதற்றத்தில் பலரும் தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கேள்வி கேட்டதே வீணாகிவிடும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வரிசையாகக் கேட்பது அன்பான செயல்தான் என்றாலும், 20 பேர் இருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் அதற்கே போய்விடும். விடை சொல்ல எழுபவரிடம் மட்டும் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே அடுத்த கேள்வியைத் தொடருங்கள். "எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது" என்பதையும், "தவறு இருந்தால் மன்னியுங்கள்" என்பதையும் எடுத்துவிடுங்கள்.

வகுப்பைத் தொடங்கும் முன்பே குழுவில் ஒருவர் உங்களைப் பற்றிக் கேட்டால், அவரிடம் படிப்பையும் அனுபவத்தையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, "வகுப்பைத் தொடங்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள். அந்த அனுமதி கிடைத்தபின் பேசுவதெல்லாம் பிள்ளைகளுக்கானது. எதிரே அமர்வது மாணவர்களா குழுவினரா என்பதையும், 10 நிமிடத்தில் அறிமுகமும் அடங்குமா என்பதையும் முதல் நாளே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, நின்றபடி, பெயரைப் பலகையில் உண்மையாகவே எழுதி மூன்று முறை பதிவு செய்யுங்கள். உட்கார்ந்து வாசித்துப் பார்த்தால் எழுதும் நேரமும் திரும்பும் நேரமும் கணக்கில் வராது. பதிவைக் கேட்கும்போது "பின்னம்" என்ற சொல் எத்தனையாவது வினாடியில் வருகிறது என்று குறியுங்கள். 20 வினாடியைத் தாண்டினால் அதற்கு முன்னுள்ள ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு மீண்டும் பதிவு செய்து, அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்கள்.