3 டெசிபல் கூடினால் என்ன ஆகும்?

“எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு ரோலர் ஓடும்போது 85 டெசிபல், இரண்டும் ஓடினால் 88. மூன்றுதானே கூடுகிறது, அதற்கு ஏன் பயப்பட வேண்டும்?”

அந்த மூன்றில்தான் ஒலியின் சக்தி இரட்டிப்பாகிறது. டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 10 கூடினால் சக்தி பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலிக்கும் காதை வலிக்கச் செய்யும் ஒலிக்கும் இடையே சக்தியில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். அதை 0 முதல் 120 வரைக்குள் அடக்கத்தான் இந்த அளவு.

உங்கள் ரோலரையே எடுப்போம். ஒரே மாதிரி இரண்டு ஓடினால் 85உம் 85உம் சேர்ந்து 170 ஆகாது, 88 ஆகும். நான்கு ஓடினால் 91, பத்து ஓடினால் 95.

சரி, காதுக்கு ஏன் அவ்வளவு தெரிவதில்லை? சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று நமக்குத் தோன்றவே ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதனால் 88 கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும். ஆனால் காதுக்குள் சேரும் பாதிப்பு சக்தியைப் பொறுத்தது. பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு 85இல் நாளுக்கு 8 மணி நேரம். 88இல் அது 4 மணி நேரம்தான், 91இல் 2. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், காதடைப்பான் இல்லாமல் அங்கே வேலை செய்யாதீர்கள்.