தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரைதான் வலுவானதா?

கேள்வி: எனக்கு வயது 41. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. சிபிஎம் மாத்திரை போட்டால் நிற்கிறது. ஆனால் மறுநாள் மதியம் வரை மந்தமாக இருக்கிறது. ஸ்கூட்டரில் வேலைக்குப் போக வேண்டும். தூக்கம் வராத மாத்திரைக்கு அவ்வளவு வலு இல்லை என்கிறார்களே, உண்மையா? 68 வயது அம்மாவுக்கு இரவில் உடம்பெல்லாம் அரிப்பு. அவரும் இதையே போடுகிறார். 5 வயது மகனுக்குச் சளி பிடித்தால் தூக்கம் வரும் சிரப் கொடுக்கலாமா? — ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உண்மையில்லை. தூக்கம் வருவது மருந்து அலர்ஜியின் மீது வலுவாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அல்ல. மருந்து போகத் தேவையில்லாத ஓரிடத்துக்கும் போய்விட்டது என்பதற்கே அது அடையாளம். தூசியோ மகரந்தமோ உள்ளே போனதும் நம் உடல் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுகிறது. மூக்கிலும் தோலிலும் அது தும்மலையும் அரிப்பையும் உண்டாக்குகிறது; அதே ஹிஸ்டமின்தான் மூளைக்குள் நம்மை விழிப்பாக வைத்திருக்கவும் உதவுகிறது. சிபிஎம் எனப்படும் குளோர்பெனிரமின், அவில் என்று பலரும் கேட்டு வாங்கும் பெனிரமின், ஹைட்ராக்சிசின், புரோமெத்தசின் ஆகிய பழைய மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழைந்து அங்குள்ள ஹிஸ்டமினின் வேலையையும் தடுத்துவிடுகின்றன. பெக்சோபெனடின், லோரடடின், செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் ஆகிய புதிய மருந்துகள் மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்கின்றன. தும்மலையும் அரிப்பையும் அடக்குவதில் இவை பழையவற்றுக்குச் சளைத்தவை அல்ல. பழைய மாத்திரையை நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை போட வேண்டியிருக்க, இவற்றில் பெரும்பாலானவற்றைப் பெரியவர்கள் ஒரு முறை போட்டாலே போதும்.

இரவில் போட்டுவிட்டால் காலையில் சரியாகிவிடும் என்று சிபிஎம்மைப் பற்றி நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பெரியவர்களின் உடலிலிருந்து அந்த மருந்தில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதனால்தான் உங்களுக்கு மறுநாளும் மந்தம் நீடிக்கிறது. சில நாள்கள் தொடர்ந்து போட்டால் தூக்க உணர்வு பழகிப்போகலாம். ஆனால் தூக்கம் தெரியாத நிலையிலும் கவனமும், சட்டென்று பிரேக் பிடிக்கும் வேகமும் குறைந்தே இருக்கக்கூடும். ஆகவே "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்ற உணர்வை நம்பி வண்டி ஓட்டுவது பாதுகாப்பல்ல.

புதியவை எல்லாமே ஒரே மாதிரி அல்ல. செட்டிரிசினும் லெவோசெட்டிரிசினும் சிலருக்குத் தூக்கத்தைத் தருகின்றன. வண்டி ஓட்டும் உங்களுக்கு என் முதல் தேர்வு பெக்சோபெனடின் 120 மில்லிகிராம், நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாறுடன் போட்டால் மருந்து உடலில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். வயிற்றெரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெலுசில் போன்ற மருந்து குடிப்பவரானால் இரண்டுக்கும் இடையே 2 மணி நேரம் விடுங்கள். இவற்றைக் கவனிக்காமல் "இந்த மாத்திரை கேட்கவில்லை" என்று பழையதற்கே திரும்புவோர் உண்டு.

தும்மல், ஒழுகல், கண் அரிப்பு ஆகியவற்றுக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும். மூக்கடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. அடைப்பும் இருந்தாலோ, வாரத்தில் பல நாள்கள் தொல்லை இருந்தாலோ, மருத்துவர் எழுதித்தரும் புளூடிகசோன் அல்லது மொமெடசோன் மூக்கு ஸ்பிரேதான் மாத்திரையைவிட மேலானது. அதன் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும் என்பதால் இரண்டு நாளில் நிறுத்திவிடக் கூடாது. லெவோசெட்டிரிசினுடன் மாண்டெலுகாஸ்ட் சேர்ந்த கூட்டு மாத்திரையைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மாண்டெலுகாஸ்ட் சிலருக்கு மனநிலை மாற்றங்களையும் கெட்ட கனவுகளையும் உண்டாக்குவதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. சாதாரணத் தும்மலுக்கு அது தேவையில்லை.

அம்மாவைப் பொறுத்தவரை, சிபிஎம்மை நிறுத்துவது பற்றி இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். பழைய மருந்துகள் தூக்கத்தோடு நிற்பதில்லை. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கத் திணறல், மனக்குழப்பம் ஆகியவற்றையும் தருகின்றன. முதியவர் இரவில் கழிப்பறைக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இந்த மயக்கமே காரணமாகிவிடலாம்.

அவருடைய அரிப்பு எத்தகையது என்றும் பாருங்கள். திட்டுத்திட்டாகச் சிவந்து தடித்து, ஒரு நாளுக்குள் அந்த இடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றினால் அது காணாக்கடி. ஹிஸ்டமினால் வருவது, புதிய மாத்திரைக்கு நன்கு அடங்கும். வழக்கமான அளவில் அடங்காவிட்டால், பழைய மாத்திரையைச் சேர்ப்பதைவிடப் புதியதன் அளவையே மருத்துவர் படிப்படியாக நான்கு மடங்கு வரை கூட்டுவதுதான் இன்றைய முறை. தடிப்பே இல்லாமல் தோல் வறண்டு, செதில் உதிர்ந்து அரித்தால் எந்த அலர்ஜி மாத்திரையும் பெரிதாக உதவாது. வெந்நீர்க் குளியலைக் குறைத்து, குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசர் கிரீமோ தடவுவதே மருந்து. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பைச் சுற்றிச் சிறு பொரிகள் இருந்து, வீட்டில் இன்னொருவருக்கும் இரவில் அரித்தால் சிரங்கைச் சந்தேகியுங்கள். சிரங்குக்கு வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் பெர்மெத்ரின் கிரீம் தடவ வேண்டும். மாத்திரை அரிப்பைச் சற்றே மறைத்து நோயைப் பரவவிடும். இவை எதுவும் இல்லாமல் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை தேவை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்குச் செட்டிரிசினின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும்.

குழந்தையைத் தூங்க வைப்பதற்காக இந்தச் சிரப்புகளைக் கொடுக்கவே கூடாது. சாதாரணச் சளி வைரஸால் வருவது. அலர்ஜி மருந்து அதைக் குணப்படுத்தாது. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை 4 வயதுக்குக் குறைந்தோருக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். புரோமெத்தசின் 2 வயதுக்குள் மூச்சையே அடக்கிவிடக்கூடியது. வயது கூடிய சில பிள்ளைகளுக்கோ இவை தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பையும் அழுகையையும் தருகின்றன. தாய்மார்கள் அதைப் பார்த்து மருந்து போதவில்லை என்று இன்னொரு மூடி ஊற்றும்போதுதான் ஆபத்து வருகிறது.

உங்கள் மகனுக்குச் சளி அல்லாமல் உண்மையிலேயே அலர்ஜித் தும்மலோ காணாக்கடியோ இருந்தால், 2 முதல் 5 வயது வரை செட்டிரிசின் 2.5 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும் கொடுப்பது வழக்கம். 5 மில்லியில் 5 மில்லிகிராம் என்று பாட்டிலில் எழுதியிருந்தால் அது ஒரு வேளைக்கு 2.5 மில்லி. வீட்டுக் கரண்டியால் அளக்காமல், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். முதல் முறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மூவரில் யாராயினும், சளி மாத்திரை அல்லது சிரப் சேர்த்து எடுக்குமுன் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். அவற்றில் பலவற்றுள் குளோர்பெனிரமின் ஒளிந்திருக்கிறது.

தடிப்போடு உதடோ நாக்கோ வீங்கினாலும், குரல் கம்மினாலும், மூச்சுத் திணறினாலும் எந்த மாத்திரையையும் நம்பிக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசி மட்டுமே.