திகதி தவறினால் விடை தவறும்: XIRR பற்றிக் கேள்வி பதில்

மட்டக்களப்பில் கணக்காளராக வேலை செய்கிறேன். மாதாந்தம் யூனிட் டிரஸ்டில் பணம் போடுபவர்களின் கேள்விகளுக்குத்தான் இன்று பதில். எந்த நிதியம் நல்லது என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: மாதம் 10,000 ரூபாய் போடுகிறேன் சேர். ஏப்ரலில் புத்தாண்டுச் செலவு, நவம்பரில் வெள்ளம் என்று திகதி தள்ளிப்போனது. 120,000 போட்டது 126,000 ஆகியிருக்கிறது. இது 5 சதவீதம்தானே?

இல்லை, டீச்சர். ஜனவரியில் போட்ட 10,000 முழு வருடமும் வேலை செய்தது. டிசம்பரில் போட்டதற்கு நான்கு கிழமைதான் கிடைத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து 5 என்று சொல்வது பிழை. ஒவ்வொரு தவணையும் எத்தனை நாள் உள்ளே இருந்தது என்று பார்த்து, வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று கணக்கிடும் எக்ஸல் சூத்திரம்தான் XIRR. நீங்கள் அனுப்பிய திகதிகளை அப்படியே எக்ஸலில் போட்டேன்:

```
     A           B
2    2024-01-05  -10000
3    2024-02-12  -10000
4    2024-03-06  -10000
5    2024-04-25  -10000
6    2024-05-07  -10000
7    2024-06-10  -10000
8    2024-07-05  -10000
9    2024-08-20  -10000
10   2024-09-06  -10000
11   2024-10-08  -10000
12   2024-11-29  -10000
13   2024-12-06  -10000
14   2025-01-03  126000

=XIRR(B2:B14,A2:A14)
```

விடை 9.74 சதவீதம். கையை விட்டுப் போன பணத்துக்குக் கழித்தல் குறி, கைக்கு வரக்கூடிய பணத்துக்குக் குறி இல்லை. கடைசி வரிசையில் நீங்கள் உண்மையில் பணத்தை எடுக்கவில்லை. அன்று எடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தொகையை எழுதுகிறீர்கள். அதனால் உங்களிடமுள்ள அலகுகளை, நிதியம் அன்று அவற்றைத் திரும்ப வாங்கும் விலையால் பெருக்குங்கள். விற்கும் விலையால் பெருக்கினால் இலாபம் கூடித் தெரியும்.

சம்மாந்துறை வாசகர்: எனக்கு #NUM! என்று வருகிறது. பன்னிரண்டு தவணையும் சரியாகத்தான் போட்டேன்.

பன்னிரண்டும் கழித்தலில் இருக்கும். இன்றைய பெறுமதி இருக்காது. மேலே உள்ள 14ஆவது வரிசையைப் பாருங்கள், தம்பி.

அக்கரைப்பற்று, கடை முதலாளி: எனக்கு #VALUE! வருகிறது. என் மகனுக்கு அதே கோப்பில் விடை வந்தது, ஆனால் 40 சதவீதத்துக்கு மேல். யாருடைய கணினி பழுது?

உங்களுடையது நல்ல கணினி, முதலாளி. பிழையை உங்களிடம் மறைக்கவில்லை.

நாம் நாளை முன்னே எழுதுகிறோம். பல கணினிகள் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னே எதிர்பார்க்கின்றன. அப்படிப்பட்ட கணினியில் 25/04/2024 என்று அடித்தால் 25ஆவது மாதம் கிடையாது என்பதால் எக்ஸல் அதைத் திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். XIRR அதைக் கண்டதும் #VALUE! சொல்லும். ஆனால் 06/03/2024 என்று அடித்தால் சத்தமில்லாமல் ஜூன் 3 ஆக்கிவிடும். எல்லாத் தவணையும் 12ஆம் திகதிக்குள் விழுந்தவருக்குப் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது, பொய்யான விடைதான் வரும். மகனின் கோப்பில் 12க்கு மேற்பட்ட நாட்களை அவர் திருத்தி அடித்திருப்பார், மற்றவை மாறிக் கிடக்கும் என்பது என் ஊகம். கோப்பைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. திகதிப் பத்தியை மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும்படி மாற்றுங்கள். மார்ச் இருக்கவேண்டிய இடத்தில் ஜூன் நின்றால் பிடிபட்டுவிடும். புதிதாக அடிப்பவர்கள் ஆண்டை முன்னே வைத்து 2024-03-06 என்று அடியுங்கள். நான் பார்க்கும் XIRR பிழைகளில் பல திகதியில்தான் கிடக்கின்றன. இன்று இன்னும் பல தடவை இதைச் சொல்லப்போகிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஆரையம்பதி: டீச்சரின் பணம் சராசரியாக அரை வருடம் உள்ளே இருந்தது. 5ஐ இரண்டால் பெருக்கினால் 10. இதற்கு எக்ஸல் எதற்கு?

பாதி சரி, ஐயா. விடையைச் சரிபார்க்க நானும் அப்படித்தான் மனதில் பெருக்குவேன். டீச்சரின் தவணைகள் சராசரியாக 190 நாள் உள்ளே இருந்தன. 5ஐ 365ஆல் பெருக்கி 190ஆல் வகுத்தால் 9.6 வருகிறது, 9.74க்குப் பக்கத்தில். XIRR 30 என்று காட்டியிருந்தால் திகதி மாறிவிட்டது என்று உடனே தெரிந்திருக்கும். ஆனால் இரண்டாம், மூன்றாம் வருடத்தில், நடுவில் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் போட்ட பிறகு, இந்தக் குறுக்கு வழி கைவிட்டுவிடும்.

அவரே மீண்டும்: என்னுடைய நிலையான வைப்பு 8 சதவீதம் தருகிறது. ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு 9,600 ரூபாய். டீச்சருக்கு 6,000தான். யார் கெட்டிக்காரர்?

நீங்கள் 120,000ஐ முதல் நாளே ஒரேயடியாக வைத்தீர்கள். டீச்சரிடம் அன்று இருந்தது 10,000. அவர் போட்ட ஒவ்வொரு 10,000மும் அந்தந்த நாளிலிருந்து வருடத்துக்கு 8 சதவீதம் வளர்ந்திருந்தால், ஜனவரி 3இல் கையில் ஏறத்தாழ 124,939 ரூபாய் இருந்திருக்கும். இருப்பதோ 126,000. ஒப்பிடுவதென்றால் இப்படித்தான் ஒப்பிட வேண்டும்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: அப்படியென்றால் ஐயாவை விட எனக்கு ஆயிரம் ரூபாய் கூட!

வங்கி ஐயா: ஆயிரம் ரூபாய்க்காக நித்திரை கெடுவதா? என் 8 எழுத்தில் உண்டு. உங்கள் 9.74 நாளைக்கு இருக்குமா?

இருக்கும் என்று XIRR சொல்லவே இல்லை, ஐயா. நடந்து முடிந்ததை மட்டும்தான் அது அளக்கும். யூனிட் டிரஸ்டின் விலை இறங்கினால் அடுத்த மாதமே 9.74 கரைந்துபோகும். நித்திரைக்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியாது. இதை நீங்கள் இருவரும் தேநீரோடு பேசி முடியுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

காத்தான்குடி இளைஞர்: ஜூன் 2இல் 50,000 போட்டேன். ஜூலை 2இல் 50,750. XIRR கிட்டத்தட்ட 20 சதவீதம்! நகைக்கடன் எடுத்து இன்னும் போடலாமா?

வேண்டாம், தம்பி. முப்பது நாளில் வந்த ஒன்றரை சதவீதம், அதே வேகத்தில் வருடம் முழுவதும் வட்டிக்கு வட்டியாக ஓடும் என்று வைத்துக்கொண்டு வந்த 20 அது. உங்கள் கையில் கூடுதலாக இருப்பது 750 ரூபாய். தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடமாவது ஆகாத கணக்குக்கு XIRR பார்க்காதீர்கள். இலாபத்தை ரூபாயில் எழுதி வைத்தால் போதும்.

கல்முனை வாசகி: ஷரீஆ முறைப்படியான நிதியம் என்றால் XIRR வேறாகுமா? அது ஆகுமானதுதானா?

கணக்கு ஒன்றுதான். ஆகுமா என்பதை மௌலவியிடம் கேளுங்கள்.

ஏறாவூர் வாசகர்: #NUM! என்று வருகிறதே?

14ஆவது வரிசை. அது இருந்தும் வந்தால், முதல் தவணையின் திகதிக்கு முந்திய திகதி கீழே எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறியவர்களுக்கு அதுவும் நடக்கும்.

வாழைச்சேனை வாசகர்: எனக்கு நட்டம். ஆனால் XIRR 0.00 என்று காட்டுகிறது. நட்டம் இல்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அந்தக் கட்டத்தின் சதவீத வடிவத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். 2.98E-09 போன்ற ஓர் எண் தெரிந்தால் அது விடையே அல்ல. எக்ஸல் தேடிக் களைத்துப்போய் விட்டுச்சென்ற எண். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 10 சதவீதத்திலிருந்து தேடத் தொடங்கும். நட்டக்காரர் கீழே இருந்து தொடங்கச் சொல்ல வேண்டும்:

```
=XIRR(B2:B14,A2:A14,-0.1)
```

அதற்கும் மசியாவிட்டால் -0.3 கொடுங்கள். மனைவியிடம் என்ன சொல்வது என்பது என் துறை அல்ல.

பொத்துவில் வாசகர்: சேர், எனக்கும் #NUM!...

14ஆவது வரிசை.