பயோடேட்டாவில் நோய்க்கு ஒரு வரி போதும்

"ஐயா, மன்னார்குடியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்த்து வந்தேன். குடலில் காசநோய் வந்து 2023 ஜூனில் வேலையை விட்டேன். இப்போது குணமாகிவிட்டது. 2024 செப்டம்பரிலிருந்து வீட்டில் இருந்தபடியே மாமாவின் உரக்கடைக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். பயோடேட்டாவில் நோயைப் பற்றி எவ்வளவு எழுதுவது? டிஸ்சார்ஜ் சம்மரியை இணைக்கவா? கன்சல்டன்சிக்காரர், அந்தக் காலத்துக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், எட்டாயிரம் ஆகும் என்கிறார்."
– வாசகி, மன்னார்குடி

முதலில் அந்த எட்டாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கமெல்லாம் இது தனி வியாபாரமாகவே நடக்கிறது. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் சரக்கு. பழைய கம்பெனியில் உங்களுக்கு பிஎஃப் பிடித்திருந்தால், எந்த மாதம் வரை பணம் கட்டினார்கள் என்பது உங்கள் யுஏஎன் கணக்கில் இருக்கிறது. புதிய இடத்தில் சேரும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். இல்லாத கம்பெனியில் இருந்ததாக நீங்கள் காட்டும் மாதங்களில் ஒரு ரூபாய்கூட வரவு இருக்காது. நோயால் இடைவெளி விட்டவரை வேலைக்கு எடுக்க ஆள் உண்டு. பொய்ச் சான்றிதழ் கொடுத்தவரைச் சேர்ந்த பிறகும் அனுப்பிவிடுவார்கள். சான்றிதழ் விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

சரி, எழுதுவதற்கு வருவோம். உங்கள் இடைவெளி நீங்கள் நினைக்கிற அளவு நீளமானதில்லை. உரக்கடை வேலையை வீட்டு வேலை மாதிரி ஒதுக்கிவிட்டீர்கள். அதுவும் வேலைதான். 2024 ஆகஸ்டோடு இடைவெளி முடிந்துவிட்டது. புதியது மேலே வருகிற மாதிரி இப்படிப் போடுங்கள்:

"செப்டம்பர் 2024 முதல்: உரக்கடை ஒன்றுக்குக் கணக்குப் பணி, பகுதிநேரம். பில் பதிவு, மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்.
ஜூன் 2023 – ஆகஸ்ட் 2024: உடல்நலக் காரணத்தால் பணி இடைவெளி. சிகிச்சை முடிந்தது, முழுநேரப் பணிக்குத் தயார்."

அதற்குக் கீழே பழைய கம்பெனி. நோயைப் பற்றி வேறெங்கும் ஒரு வார்த்தை வேண்டாம். மேலே வரும் அறிமுக வரிகளில் கண்டிப்பாக வேண்டாம். அங்கே உங்கள் கணக்கு அனுபவம்தான் நிற்க வேண்டும். லிங்க்டுஇன் வைத்திருந்தால் அதில் Career break என்ற பகுதி இருக்கிறது. Health and well-being என்று தேர்ந்தெடுத்துவிட்டு விவரத்தை வெறுமையாக விடுங்கள்.

"சொந்தக் காரணம்" என்று மட்டும் எழுதாதீர்கள். படிப்பவர் கோர்ட் கேஸிலிருந்து கையாடல் வரை தானாகவே கற்பனை செய்துகொள்வார். நோயின் பெயரும் வேண்டாம். காசநோய் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோருக்கும் இருமல்தான் ஞாபகம் வரும். குடலில் மட்டும் இருக்கும் காசநோய் பொதுவாகப் பக்கத்து மேஜைக்குத் தொற்றாது என்று மானேஜருக்குப் பாடம் நடத்த பயோடேட்டாவில் இடமில்லை. நேரில் கேட்டால், "சிகிச்சை எடுத்தேன், முடிந்துவிட்டது, வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, உரக்கடைக் கணக்குக்குப் பேச்சைத் திருப்புங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை இணைக்கவே கூடாது. நோய், ஆபரேஷன், மாத்திரைகள், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கும். இடைத்தரகர் கையில் போனால் எத்தனை வாட்ஸ்அப்புக்குப் போகும் என்று சொல்ல முடியாது. சான்று கேட்டால் பணிக்குத் தகுதி என்று ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் போதும். நோயின் பெயர் இல்லாமல் எழுதித் தரும்படி உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். அதையும் வேலை உறுதியான பிறகு காட்டினால் போதும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. வேலைக்குச் சேரும்போது சில இடங்களில் மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள். "கடந்த ஐந்து ஆண்டுகளில் பெரிய சிகிச்சை எடுத்தீர்களா" என்பது மாதிரி கேள்விகள், கீழே உங்கள் கையெழுத்து. பயோடேட்டாவில் எழுதாமல் விடுவது வேறு, கேட்ட கேள்விக்கு "இல்லை" என்று கையெழுத்துப் போடுவது வேறு. அந்தப் படிவத்தில் நோயின் பெயரை உள்ளபடி எழுதுங்கள். கம்பெனி இன்சூரன்ஸ் படிவத்துக்கும் இதே கதைதான். மறைத்தது பிறகு தெரிந்தால் க்ளெய்ம் சிக்கலாகிவிடும். ஆனால் அது மருத்துவருக்கோ இன்சூரன்ஸுக்கோ போகிற காகிதமாக இருக்க வேண்டும். முதல் நாள் வரவேற்பறையில் நீட்டும் சாதாரண விண்ணப்பத்தில் "இடைவெளிக்குக் காரணம்" என்று கட்டம் போட்டு, காலியாக விட்டால் வாங்க மாட்டோம் என்பார்கள். எந்தப் புண்ணியவான் வடிவமைத்தாரோ! அதில் "உடல்நலம்" என்ற ஒரே சொல் போதும்.

அப்புறம், பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியை பிஎஃப்பில் ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் ஏற்றுவதே இல்லை. ஆள் போன பிறகு அந்த வேலையை யார் செய்வது என்ற அலட்சியம்தான். தேதி இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பது போலத் தெரியும், உங்கள் பயோடேட்டாவோடு ஒத்துப்போகாது. விலகி இரண்டு மாதம் ஆகிவிட்டால் பிஎஃப் உறுப்பினர் தளத்தில் Manage பகுதியில் Mark Exit மூலம் நீங்களே ஏற்றலாம். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓடிபி வரும். அங்கே போடும் தேதியையே பயோடேட்டாவிலும் போடுங்கள்.